வாட்ஸ்அப் பத்திரிகைக்கு வாழ்த்து வருகிறது, வருகிறார்களா என்று தெரியவில்லை

கேள்வி: தை மாதம் மதுரையில் மகள் கல்யாணம். டொராண்டோ, லண்டன், சிங்கப்பூரில் இருந்து அறுபது பேர் வரை வரக்கூடும். குரூப் ஆரம்பித்துப் பத்திரிகை போட்டோம். எல்லோரும் கும்பிடு போட்டு வாழ்த்துகிறார்கள், யார் வருகிறார்கள் என்று மட்டும் தெரியவில்லை. ரூம் போட வேண்டும். எப்படிக் கணக்கு எடுப்பது?

பதில்: குரூப் இருக்கட்டும், ஆனால் கணக்கு எடுக்க அது உதவாது. ஐம்பது பேர் பார்க்கிற இடத்தில் "வர முடியாது" என்று எந்தச் சொந்தக்காரரும் எழுத மாட்டார். ஒருவர் வாழ்த்தினால் மற்றவர்களும் வாழ்த்துவார்கள், உங்கள் கேள்வி மேலே போய்விடும். இதற்கு வாட்ஸ்அப்பிலேயே பிராட்காஸ்ட் லிஸ்ட் இருக்கிறது. ஒரே செய்தி எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும், பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று தெரியும். இரண்டு நாளாகியும் ஒருவர் பெயர் அதில் வரவில்லையென்றால் அநேகமாக அவரிடம் உங்கள் நம்பர் இல்லை. அவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் ஒரு தடவை போன் பேசி முறையாக அழைத்துவிடுங்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க முடியாத தூரத்தில் அந்தப் போன்தான் அழைப்பு, செய்தி அதன் பிறகு வருவது. இதைத் தவிர்த்தால் வரக்கூடியவர்கள்கூட மனத்தாங்கலில் நின்றுவிடுவார்கள்.

இப்போது கேள்வியை மாற்றுங்கள். "வருவீர்களா?" என்றால் "கண்டிப்பா பார்க்கிறோம்" என்றுதான் பதில் வரும். "டிக்கெட் போட்டாச்சா? எத்தனை பேர்? இந்தியாவில் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஆட்களின் பெயரையும் வாங்குங்கள். ஜனவரியில் கனடாவிலும் லண்டனிலும் பள்ளிக்கூடம் நடக்கும், அதனால் அப்பாவோ அம்மாவோ தனியாக வருவது சகஜம். "அண்ணன் வீடு, நான்கு பேர்" என்று நீங்களாக எழுதிக்கொண்டால் ரூம் கணக்கு தப்பும்.

பதில்களை ஒரு கூகுள் ஷீட்டில் எழுதி, நிலையை மூன்றாகப் பிரியுங்கள்: டிக்கெட் போட்டாச்சு, யோசிக்கிறார்கள், வரவில்லை. முதல் வகைக்கு மட்டும் முன்பணம் கட்டி ரூம் போடுங்கள். இரண்டாம் வகைக்குச் சில ரூம்களை ரத்து செய்யும் வசதியோடு பிடித்து வையுங்கள். ஓட்டல்காரர் சொல்லும் ரத்துக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்னதாக உங்கள் கடைசித் தேதி இருக்கட்டும்.

நினைவூட்டலை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். டிக்கெட் போட்டவருக்கு மறுபடியும் "வருவீர்களா" என்று போனால் மனசு கஷ்டப்படும். யோசிப்பவர்களை மட்டும் வைத்துத் தனி லிஸ்ட் போட்டு அதற்கு அனுப்புங்கள். நேரம் நம் மாலை 6.30. ஜனவரியில் அப்போது டொராண்டோவில் காலை 8, லண்டனில் மதியம் 1, சிங்கப்பூரில் இரவு 9. மூன்று ஊரிலும் விழித்திருப்பார்கள்.

அதிகம் தப்பு நடப்பது இறங்கும் தேதியில்தான். உதாரணத்துக்கு, முகூர்த்தம் ஜனவரி 24. டொராண்டோ மச்சான் "20ஆம் தேதி கிளம்புகிறோம்" என்கிறார். மாலை 6 மணிக்குக் கிளம்பி, நடுவில் ஓரிடத்தில் மாறி, சென்னையில் இறங்குவது 22ஆம் தேதி அதிகாலை 1.15. ஷீட்டில் "22, 1.15" என்று மட்டும் இருந்தால் கார் 22 மதியமோ, அன்று இரவு தாண்டியோ போய் நிற்கும். ஓட்டல் ரூமும் 22 மதியம்தான் திறக்கும். "21 வியாழன் இரவு விடிந்தால் 22 வெள்ளி, அதிகாலை 1.15" என்று கிழமையோடு எழுதுங்கள். சென்னையில் தங்கி மறுநாள் மதுரைக்கு வருவதென்றால் ரூமை 21 இரவிலிருந்து போட வேண்டும். டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னால் இந்தக் குழப்பமே இருக்காது.

டிக்கெட் போட்டவர்களுக்கு இன்னொரு செய்தி மட்டும் போதும், அதுவும் ஒரு மாதம் முன்னால். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள், அங்கேயே பிறந்து அந்நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் விசாவோ ஓசிஐ அட்டையோ வேண்டும். விசாவில் வருபவர்களுக்குப் பாஸ்போர்ட் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும். அட்டையைக் கையில் எடுத்து வரச் சொல்லுங்கள், ஓட்டலில் வெளிநாட்டவர் விவரத்தைப் பதிவு செய்ய அதைக் கேட்பார்கள். இந்த ஆவணங்களின் படத்தைக் குரூப்பில் போட விடாதீர்கள். தேவைப்பட்டால் உங்களுக்கு மட்டும் அனுப்பட்டும்.

முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்னால் ஷீட்டை இறங்கும் நேர வரிசைக்கு மாற்றி, கார் பொறுப்பெடுத்த தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் வரும் மாற்றமெல்லாம் அவர் போனுக்கே போகட்டும்.