கேக் வீடியோவுக்குக் கீழே கேட்டால் பதிலே வாறதில்லை. எப்படிக் கேட்கிறது?

"எனக்குச் சரிவரேல்லை, ஏன்?" என்று எழுதினால் அந்த அக்கா உங்களிட்ட நாலு கேள்வி திருப்பிக் கேட்கவேணும். அதுக்கு அவவுக்கு நேரமில்லை. ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய மாதிரிக் கேளுங்கோ.

போன மாசம் எங்கட வீட்டில் பட்டர் கேக் மேலே கருகி, நடுவில் களியாய் நிண்டது. நான் எழுதினது இதுதான்:

"அக்கா, 4:32இல் 8 அங்குலத் தட்டு, 180 பாகை, 40 நிமிசம் என்றீங்கள். என்னட்ட 7 அங்குலத் தட்டுத்தான். மற்ற அளவெல்லாம் உங்கடதுதான். மேல் கருகிட்டுது, நடு வேகேல்லை. சூட்டைக் குறைச்சுக் கூட நேரம் விடவோ, கலவையைக் குறைக்கவோ?"

யூடியூப்பில் 4:32 என்று எழுதினாலே அது அந்த இடத்துக்குப் போற இணைப்பாய் மாறிவிடும். அவ தேடத் தேவையில்லை. நான் மாத்தினது தட்டு மட்டும் என்றதும் தெரியுது. தட்டு ஒரு அங்குலம் சின்னனென்றால் கலவை கிட்டத்தட்ட 30 சதவீதம் உயரமாய் நிற்கும், சூடு நடுவுக்குப் போகச் சுணங்கும். கடைசியில் இரண்டு வழி குடுத்திருக்கிறதால் ஒன்றைச் சொன்னால் போதும்.

"160, ஒரு மணித்தியாலம், ஈர்க்குக் குத்திப் பாருங்கோ" என்று அண்டைக்கு இரவே பதில் வந்தது. முதலில் மற்றவையின்ர கேள்விகளை ஒருக்கால் வாசியுங்கோ. சிலவேளை விடை அங்கேயே கிடக்கும்.