கொள்ளிடத்தில் தண்ணீர் வருகிறது என்றால் மாட்டை எப்போது ஓட்டுவது, எப்போது அவிழ்த்துவிடுவது?

"சிதம்பரம் பக்கம் கொள்ளிடத் திட்டு கிராமம். மூன்று கறவை மாடு, ஒரு கன்று, எட்டு ஆடு, பத்துப் பன்னிரண்டு கோழி, ஒரு நாய். தண்ணீர் வரும்போதெல்லாம் நாங்கள் கிளம்பினாலும் அப்பா மாட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். ஆளுக்கு ஆபத்து இல்லாமல் இவற்றை வெளியேற்ற வழி உண்டா?"

முதலில் அப்பாவைத் திட்டுவதை நிறுத்துங்கள். முகாம் என்று திறப்பது பள்ளிக்கூடம் அல்லது கல்யாண மண்டபம். அங்கே மாட்டைக் கட்ட இடம் கிடையாது. மாடுதான் அந்த வீட்டின் மாதச் சம்பளம் என்னும்போது அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்து படுங்கள் என்றால் யார்தான் வருவார்? மாடு எங்கே நிற்கப்போகிறது என்பதற்கு முன்கூட்டியே பதில் இருந்தால் அப்பா தானாகக் கிளம்புவார்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பழைய கொள்ளிடத்துக்கும் புதிய கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள திட்டு ஊர்களுக்குப் பெரும்பாலான வெள்ளம் மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பப்பட்டு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்துதான் வருகிறது. உபரிநீர் திறப்பு செய்தியிலும் வரும், தண்டோராவிலும் வரும். 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரையில் இந்த அவகாசம் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி வெள்ளத்துக்குத் திட்டமே வேறு, கீழே சொல்கிறேன்.

எல்லோரும் செய்கிற தவறு, வீட்டு வாசலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பது. வீடு மேட்டில் இருக்கும். அதற்கு முன்பே ஊரை விட்டு வெளியேறும் வழியில் உள்ள தரைப்பாலம் மூழ்கிவிடும். பாலம் மூடிய பிறகு மாட்டை ஓட்ட வழியில்லை. அதனால் அளவுகோல் தரைப்பாலத்தில்தான் இருக்க வேண்டும். பாலத்தின் பக்கச் சுவரில் பெயின்டால் இரண்டு கோடு போடுங்கள்: பாலத்தின் தளத்துக்கு மூன்று அடி கீழே ஒன்று, ஒன்றரை அடி கீழே ஒன்று. மேல் கோட்டிலிருந்து தளம் வரை ஏறத் தண்ணீர் எத்தனை மணி நேரம் எடுக்கும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் ஏறிவிடும் என்றால் இரண்டு கோட்டையும் இன்னும் கீழே இறக்குங்கள்.

ஆறு மணி என்பது எப்படி வந்தது? மாடு சேர வேண்டிய மேட்டுக்களம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பால் கறந்து கயிறு மாற்ற முக்கால் மணி. கறக்காமல் ஓட்டினால் மடி கட்டி மடிநோயில் முடியும். கன்றோடு நடக்க ஒன்றேகால் மணி. போய்ச் சேர்ந்து கட்டித் தண்ணீர் காட்ட அரை மணி, திரும்பி வர அரை மணி. கூட்டினால் மூன்று மணி. மழை, எதிரே வரும் டிராக்டர், பாலத்தின் முன் காலை ஊன்றி நிற்கும் மாடு, இதெல்லாம் சேர்ந்தால் இரண்டு மடங்கு. கொட்டகையிலேயே நின்று வளர்ந்த கலப்பினப் பசு தார் ரோட்டில் ஒழுங்காக நடக்காது, நாட்டு மாடு மாதிரி முன்னால் போவதன் பின்னால் வராது. ஒரு மாட்டுக்கு ஓர் ஆள் வேண்டும். நம்பாவிட்டால் மழை இல்லாத ஒரு நாளில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கன்றை ஓர் ஆள் முன்னால் கொண்டுபோனால் தாய் பின்னாலேயே வரும். கன்றைப் பின்னால் விட்டால் தாய் திரும்பிக்கொண்டே இருக்கும்.

முதல் கோட்டைத் தண்ணீர் தொட்டதும் சினைமாடு, ஆடு, கோழி, வைக்கோல் கிளம்ப வேண்டும். ஆடு தண்ணீரைக் கண்டால் நகராது, நனைந்தால் சளி பிடித்துச் சாகவும் கூடும். அதனால் ஆட்டை நடத்தாமல் குட்டியானையில் ஏற்றுங்கள், எட்டு ஆடும் கோழிக் கூடையும் ஒரே நடையில் போகும். கோழியை இருட்டோடு பிடித்தால் சத்தமில்லாமல் வரும், பகலில் துரத்தினால் ஒரு மணி நேரம் வீண். சினைமாட்டுக்குத் தனி நடை. குட்டியானையில் ஒரு பெரிய மாடுதான். இரண்டை ஏற்றினால் எடையும் மீறும், வளைவில் ஒன்றின் மேல் ஒன்று சாயும். தளத்தில் மணலோ வைக்கோலோ பரப்புங்கள், தகரத்தில் குளம்பு வழுக்கும். பின்கதவு உயரத்துக்குச் சரியான வரப்பு அல்லது ரோட்டோர மேடு பார்த்து வண்டியை ஒட்டினால் பலகையே தேவையில்லை. வண்டிக்காரரிடம் மழைக்காலத்துக்கு முன்பே பேசி வையுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் ஊரே அவரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டாவது கோடு தொட்டதும் மீதி மாடும் கன்றும் நடக்க வேண்டும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மதியம் பன்னிரண்டுக்குள் கிளம்பவில்லை என்றால் அன்றைக்கு மாட்டை நடத்தக் கூடாது. மாலையில் செய்தி வந்து, தண்ணீர் இன்னும் முதல் கோட்டுக்கே வரவில்லை என்றால் விடியற்காலையில் ஓட்டுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் அவிழ்த்துவிட்டு ஆட்கள் மட்டும் வெளியேற வேண்டும்.

அவிழ்த்துவிடுவதா என்று இங்கேயே நாலு பேர் கமெண்டில் சண்டைக்கு வருவார்கள், பாவம் என்பார்கள், அடுத்தவன் பயிரை மேய்ந்தால் யார் பதில் சொல்வது என்பார்கள். வரட்டும். மாடு நன்றாக நீந்தும். வெள்ளத்தில் மாடு சாவதற்குப் பெரிய காரணம் கட்டுத்தறிக் கயிறு. மூழ்கிய பாலத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு கடக்கிற மனிதனுக்குத்தான் கண்டம். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைத் தள்ளும், பாலத்தின் ஓரம் அரித்துப் போயிருப்பது கலங்கலில் தெரியாது, மாடு மிரண்டு ஓர் அடி நகர்ந்தால் பிடித்திருப்பவர் கீழே இருப்பார். எந்த நிலையிலும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

அவிழ்ப்பதிலும் முறை இருக்கிறது. தறியிலிருந்து மட்டும் அவிழ்த்து நீளக் கயிற்றோடு விட்டால் அது சீமைக்கருவேலில் சிக்கி, கட்டிய மாடு மாதிரியே ஆகிவிடும். கழுத்துக்கயிற்றைக் கழற்றிவிடுங்கள். மூக்கணாங்கயிற்றின் தொங்கல் முனையைக் கொம்பில் சுற்றி முடியுங்கள், கொம்பில்லாததற்கு அறுத்துவிடுங்கள். மேட்டுப் பக்கம் உள்ள படலைத் திறந்து, முள்கம்பி இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டுங்கள். கொட்டகைக்கு வரும் கரண்டை மெயினில் நிறுத்துங்கள், தண்ணீரில் விழுந்த ஒயர் மாட்டையும் கொல்லும், தேடிப் போகிறவரையும் கொல்லும். தண்ணீரில் நின்ற மாடு காரணமில்லாமல் சுருண்டு விழுந்தால் அருகில் போகாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். நாயையும் சங்கிலியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதை உங்களோடு கூட்டிப் போங்கள், பயத்தில் வீட்டாரையே கடிக்கும் என்பதால் வாயில் துணிக்கட்டு போட்டு. மூச்சு வாங்கும் அளவுக்குத் தளர்வாக, ஏற்றி இறக்கும் நேரத்துக்கு மட்டும்.

திடீர் வெள்ளத்துக்கான திட்டம் இவ்வளவுதான்: பெருமழை எச்சரிக்கை வந்த இரவில் மாட்டைக் கட்டாமல் படலைச் சாத்தி உள்ளே விடுங்கள், அல்லது இழுத்தால் அவிழும் முடிச்சில் கட்டுங்கள். அந்த முடிச்சு தறியில்தான் இருக்க வேண்டும். கழுத்தில் உருவாஞ்சுருக்கு போட்டால் மாடு இழுக்க இழுக்க இறுகும். ஓர் அரிவாளைக் கொட்டகைக்கு வெளியே, எட்டும் இடத்தில் செருகி வையுங்கள்.

தீக்கும் இதே அரிவாள்தான். கீற்றுக் கொட்டகை என்றால் கூரை பற்றிய பிறகு உள்ளே போக நேரமே கிடையாது. வெளியிலிருந்தே அறுக்கும்படி எல்லாக் கயிறும் ஓரக் காலில் வந்து முடிந்திருந்தால்தான் மாடு பிழைக்கும். வெளியே வந்த மாடு மிரண்டு பழகிய இடத்துக்கே திரும்ப ஓடும், படலை அடைத்துவிடுங்கள்.

இப்போது மாடு போய்ச் சேரும் மேட்டுக்களம். ஒரு மாட்டுக்கு நாற்பது சதுர அடி, ஆட்டுக்குப் பத்து என்று கணக்கிட்டால் உங்களுக்கு இருநூறு, இருநூற்றைம்பது சதுர அடியில் தார்ப்பாய் போதும். ஒரு மாட்டுக்கு நாளுக்கு ஏழு கிலோ வைக்கோல் என்றால் மூன்றுக்கும் ஐந்து நாளைக்கு 105 கிலோ. இயந்திரத்தில் சுற்றிய கட்டு ஒன்று பதினைந்து கிலோ அளவில் இருக்கும், ஆக ஏழு கட்டு, ஆட்டுக்கும் சேர்த்துப் பத்தாக வையுங்கள். மாட்டுக்குத் தண்ணீர் நாளுக்கு அறுபது லிட்டர், ஆட்டுக்கு ஐந்து. கன்றையும் சேர்த்தால் 240 லிட்டர் வரும். இருநூறு லிட்டர் டிரம் இரண்டு வேண்டும், வெள்ளத் தண்ணீரைக் காட்டாதீர்கள். பல ஊர் மந்தையும் ஒரே மேட்டில் சேரும்போது தொண்டை அடைப்பானும் ஆட்டுக்கொல்லியும் பரவும். தடுப்பூசி வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள். மாடு நோய்ப்பட்டால் 1962, வெள்ள உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

கடைசியாக ஒரு வயிற்றெரிச்சல், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பேரிடர் நிவாரண விதிப்படி இறந்த கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000. அந்தப் பணத்தில் ஒரு நல்ல கறவை மாடு எந்தச் சந்தையில் கிடைக்கிறது என்று விதி எழுதியவர்களே காட்டட்டும். அதுவும் மாடு உங்களுடையது என்று காட்டினால்தான். பன்னிரண்டு இலக்க எண் உள்ள மஞ்சள் காதுவில்லையை இப்போதே போட்டு, வில்லை தெரியும்படி ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று படம் எடுத்து வெளியூரில் உள்ள ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். அவிழ்த்துவிட்ட மாட்டை அடையாளம் சொல்லிக் கேட்கவும் அந்தப் படம்தான் உதவும். தண்ணீர் வடிந்து பாலத்தின் தளம் முழுதாகக் கண்ணுக்குத் தெரியும் வரை தேடப் போகாதீர்கள். போகும்போது ஆற்றங்கரை, ரயில் பாதை, கோயில் திடல் என்று மேடான இடங்களாகப் பாருங்கள்.