தீட்டிய கத்தரியும் ஏன் தண்டை நசுக்குகிறது?

கேள்வி: மொட்டை மாடியில் ரோஜாத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். கவாத்து செய்த கிளைகள் வெட்டிய இடத்திலிருந்து கறுத்துக் காய்ந்துகொண்டே கீழே இறங்குகின்றன. கத்தரியைச் சாணைக்காரரிடம் தீட்டி வாங்கியும் தண்டு நசுங்குகிறது. வீட்டிலேயே தீட்டலாமா? எல்லாச் செடிக்கும் இவ்வளவு பார்க்க வேண்டுமா?

பதில்: கத்தரியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய அலகு வெட்டுவது, வளைந்த தடித்த அலகு தண்டைத் தாங்குவது. வெட்டும் அலகுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் சரிவு உண்டு. தாங்கும் அலகை உரசிப் போகும் உட்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். காய்கறிக் கத்தியைப் போல இரு பக்கமும் சக்கரத்தில் பிடித்துத் தீட்டிவிட்டால், உட்பக்கத்திலும் ஒரு சரிவு விழுந்து அலகுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி உண்டாகிவிடும். அப்புறம் அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் தண்டு அந்த இடைவெளிக்குள் மடிந்து நசுங்கும். உங்கள் கத்தரிக்கு இதுதான் நேர்ந்திருக்கும் என்பது என் ஊகம். விளிம்பு நீலம் பாய்ந்திருந்தால், சக்கரத்தின் சூட்டில் எஃகின் கடினமும் போயிருக்கிறது.

ஆனால் தீட்டத் தொடங்கும் முன் நடு நட்டைச் சோதியுங்கள். அலகுகளைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா? ஆடினால் நட்டை இறுக்கி, ஒரு செய்தித்தாளை வெட்டிப் பாருங்கள். கத்தரி தாராளமாகத் திறந்து மூட வேண்டும், பக்கவாட்டு ஆட்டம் மட்டும் இருக்கக் கூடாது. பல நேரம் கோளாறு இத்தோடு தீர்ந்துவிடும்.

தாள் இன்னும் மடிந்தால் தீட்டத்தான் வேண்டும். முதலில் அலகில் காய்ந்திருக்கும் பாலையும் பிசினையும் சோப்பு நீரும் பழைய பல் துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவித் துடையுங்கள். பிசினோடு தீட்டினால் கல் அடைத்துக்கொள்ளும். கழற்ற முடிந்த கத்தரியானால் அலகைக் கழற்றிக்கொள்வது எளிது. கண்ணாடித் துண்டின் மேல் 400 எண் எமரி தாளை விரித்து, உட்பக்கத்தை முழுவதும் படிய வைத்துத் தேயுங்கள். சாணைக்காரர் போட்ட கீறல் பட்டை மறையும்வரை தேய்த்தால் போதும். பட்டை ஆழமாக இருந்து மறையவில்லையென்றால் மாற்று அலகு வாங்கிவிடலாம்.

அடுத்து வெளிச் சரிவு. ஏற்கெனவே இருக்கும் சரிவின் மேலேயே சிறிய டயமண்ட் தீட்டுக்கல்லைப் படிய வைத்து, அடியிலிருந்து நுனிக்கு ஒரே போக்கில் இழுங்கள். நீங்களாகக் கோணத்தை மாற்ற வேண்டாம். எங்கே கல் படுகிறது என்று தெரியாவிட்டால் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு இழுங்கள். மை அழியாத இடத்தில் கல் படவில்லை. கொஞ்ச நேரத்தில் உட்பக்க விளிம்பில் விரலைக் குறுக்கே ஓட்டினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். விளிம்பு வந்துவிட்டதற்கு அதுவே அடையாளம். உட்பக்கத்தைக் கல்லில் தட்டையாக ஓரிரு முறை இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும்.

இனி வெட்டு. செடியின் காயத்தில் நம் தோலைப்போல் பழைய திசு திரும்ப வளர்வதில்லை. விளிம்பிலுள்ள உயிருள்ள செல்கள் பெருகிக் காயத்தை மூடி, உள்ளே இருப்பதைத் தடுத்து அடைக்கும். நசுங்கிய விளிம்பில் அந்தச் செல்களே செத்திருக்கும். நுனிக்கருகல் பூஞ்சைக்கு அது வாசல். அதனால் வெளிநோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, மொட்டுக்கு எதிர்ப்புறம் சரியும்படி வெட்டுங்கள். வெட்டும் அலகு செடியில் நிற்கப்போகும் பக்கம் இருக்கட்டும். தாங்கும் அலகுதான் தண்டை அழுத்தும். அந்த அழுத்தம் வெட்டியெறியும் துண்டில் விழட்டும். கறுத்த கிளைகளை, உள்ளே வெண்மையான தண்டுச் சோறு தெரியும்வரை கீழே வந்து வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தண்ணீரில் குழைத்து முனையில் பூசுங்கள். கருகிய கிளையை வெட்டியபின் அடுத்த செடிக்குப் போகும்முன் அலகை மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிடுங்கள்.

எல்லாச் செடிக்கும் இவ்வளவு வேண்டியதில்லை. ரோஜாவுக்கும், வேர்விட நடும் குச்சிகளுக்கும் கூர்மை கட்டாயம். நசுங்கிய குச்சி வேர் விடுவதற்குள் அழுகிவிடும். மல்லிகை, செம்பருத்தி கொஞ்சம் முரட்டு வெட்டையும் பொறுத்துக்கொண்டு தளிர்த்துவிடும். காய்ந்த குச்சிக்குக் காயமே இல்லை. அதற்குப் பழைய கத்தரி போதும், நல்ல அலகைக் காய்ந்த கட்டையில் வீணாக்காதீர்கள். எலுமிச்சைக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை: அலகு வழியே பரவும் எக்ஸோகார்ட்டிஸ் என்னும் வைராய்டு, அதாவது வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமி, ஸ்பிரிட்டில் சாகாது. ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அலகை நனைத்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து எண்ணெய் விடுங்கள். பிளீச் அப்படியே தங்கினால் அலகு துருப்பிடித்துவிடும்.