‘10 நிமிடத்தில் வருகிறேன்’ என்றால் எத்தனை மணிக்கு?

கேள்வி: வாரந்தோறும் காலை 10:30க்கு ஜூமில் ஒரு கூட்டம் நடத்துகிறேன். எங்கள் அலுவலகத்திலிருந்து ஆறு பேர், வாடிக்கையாளர் தரப்பில் இரண்டு பேர். சென்ற வாரம் அதற்கு முந்தைய கூட்டம் இழுத்துக்கொண்டே போனதால், 10:24க்கு எல்லோருக்கும் “மன்னிக்கவும், கொஞ்சம் தாமதம், 10 நிமிடத்தில் வந்துவிடுகிறேன்” என்று மின்னஞ்சல் அனுப்பினேன். 10:40க்கு நான் நுழைந்தபோது வாடிக்கையாளர்கள் போய்விட்டிருந்தார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கூட்டம் ரத்து என்று நினைத்துவிட்டார்கள். முன்கூட்டியே சொல்லியும் ஏன் இப்படி ஆனது? எப்படி எழுதியிருக்க வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் குறிப்பில் பணிவு இருக்கிறது, தகவல் போதவில்லை. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பது அதில் இல்லை. அதுவரை மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதும் இல்லை. போதாக்குறைக்கு, அந்தக் கூட்டத்தின் கதவுச் சாவி உங்கள் கையில் இருந்தது.

முதலில் நேரம். “10 நிமிடத்தில்” என்று 10:24க்கு எழுதினீர்கள். அந்த நொடியே படித்தவர் 10:34 என்று கணக்குப் போட்டிருப்பார். 10:29க்குத் திறந்து பார்த்தவருக்கு அது 10:39. “தாமதம்” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டவர் 10:30உடன் பத்தைக் கூட்டி 10:40 என்று எடுத்துக்கொண்டிருப்பார். ஒரே வரி, மூன்று நேரம். 10:34ஐ நம்பிக் காத்திருந்தவருக்கு 10:38 ஆகும்போது, நீங்கள் சொன்ன நேரத்தையும் தவறவிட்டுவிட்டீர்கள் என்றுதான் தோன்றும். மின்னஞ்சலை அனுப்பும் நேரமும் படிக்கும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் கடிகார நேரத்தையே எழுதுங்கள்: “10:40க்குச் சேருவேன்.” எப்போது படித்தாலும் அதன் பொருள் மாறாது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பங்கேற்பவர்கள் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருந்தால் 10:40 என்பது குழப்பும். நாட்காட்டி அழைப்பில் உள்ள நேரத்தை அவரவர் கைபேசி உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். நீங்கள் மின்னஞ்சலில் தட்டிய எண்ணை அப்படி மாற்றாது. மணி மாறினாலும் நிமிடம் எல்லா ஊரிலும் ஒன்றுதானே என்று நம்பவும் முடியாது. இந்தியா உலகப் பொது நேரத்துக்கு 5:30 மணி முன்னால், நேபாளம் 5:45 மணி முன்னால். ஒரு இடத்தில் 10:40 ஆகும்போது மற்றதில் 10:55. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு “கூட்டம் தொடங்கிய 10ஆவது நிமிடத்தில் சேருவேன்” என்று எழுதினால் போதும். எங்கிருந்து எண்ண வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

அடுத்து கதவு. தாமதமாக வருபவர் வெறும் பங்கேற்பாளர் என்றால் குறிப்பு மட்டுமே போதும். நீங்களோ கூட்டத்தை நடத்துபவர். ஜூமில் நடத்துபவர் வருவதற்கு முன் மற்றவர்கள் சேர அனுமதி தரவில்லை என்றால், எட்டுப் பேரும் காத்திருப்புத் திரையைப் பார்த்தபடி தனித்தனியாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரோடொருவர் பேசக்கூட முடியாது. ‘மின்னஞ்சல் வந்ததே, பார்த்தீர்களா?’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வழியில்லாததால், ரத்து என்று ஒருவர் முடிவு செய்தால் அதைத் திருத்தவும் ஆள் இல்லை. பெரும்பாலும் உங்கள் கூட்டத்தில் நடந்தது இதுதான்.

இதற்கு ஜூம் அமைப்பில் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. கூட்டத்தைத் திருத்தும் பக்கத்தில் Options பகுதியில், யாரும் எப்போதும் சேரலாம் என்ற தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் நீங்கள் இல்லாமலே மற்றவர்கள் உள்ளே வரலாம். அதே பகுதியில் Alternative Hosts என்ற பெட்டியும் உண்டு. அதில் சக ஊழியர் ஒருவரின் மின்னஞ்சலைச் சேர்த்துவிட்டால், உங்கள் இடத்தில் அவரே கூட்டத்தைத் தொடங்கி, காத்திருப்பவர்களை உள்ளே விடலாம். வாடிக்கையாளர்கள் வரும் கூட்டத்துக்கு இரண்டாவது வழியே சரி என்பது என் கருத்து. திறந்த அறையில் யாரும் வரவேற்காமல் உட்கார்ந்திருப்பதும் அவர்களுக்குச் சங்கடம்தான். இதற்கு இருவருக்கும் ஒரே நிறுவனக் கணக்கில் கட்டண உரிமம் இருக்க வேண்டும். Co-host என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தப் பொறுப்பைக் கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கொடுக்க முடியும். அவரால் கூட்டத்தைத் தொடங்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இழுத்துக்கொண்டு போன முந்தைய கூட்டமும் உங்கள் ஜூம் கணக்கிலேயே நடந்ததா? அப்படியென்றால், அடுத்த கூட்டத்துக்குக் காத்திருப்பவர்களின் திரையில், நடத்துபவர் வேறொரு கூட்டத்தில் இருக்கிறார் என்ற செய்தி வரும். பல கணக்கு வகைகளில் ஒரே நேரத்தில் இரண்டு கூட்டங்கள் ஓடாது என்பதால், மாற்று நடத்துநரை நியமித்திருந்தாலும் கதவு திறக்காமல் போகலாம். உங்களுக்கு 10:30 கூட்டத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு கூட்டம் இருக்கிறதென்றால், இந்த வாராந்தரக் கூட்டத்தைச் சக ஊழியரின் கணக்கிலிருந்தே உருவாக்கச் சொல்லிவிடுங்கள்.

இனி குறிப்பை எழுதுவோம். 10:24க்குப் பெரும்பாலோர் அதைக் கைபேசியின் அறிவிப்பாகத்தான் பார்ப்பார்கள். அதில் தெரிவது பொருள் வரியும் உள்ளே முதல் சில சொற்களும் மட்டுமே. “அனைவருக்கும் வணக்கம், தவிர்க்க முடியாத காரணத்தால்” என்று தொடங்கினால் அந்த இடம் அங்கேயே தீர்ந்துவிடும். அதை மட்டும் பார்த்தவர் ரத்து என்றே முடிவு செய்வார். ஆகவே எந்தக் கூட்டம், எப்போது வருவீர்கள், அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் பொருள் வரியிலேயே வைத்துவிடுங்கள். உங்கள் அலுவலக ஆட்களுக்கு இப்படி அனுப்பியிருக்கலாம்:

> பொருள்: இன்று 10:30 கூட்டம் உண்டு, தொடங்கிவிடுங்கள், நான் 10:40க்கு
>
> முந்தைய கூட்டம் நீள்கிறது. துணை ஒருங்கிணைப்பாளர் 10:30க்கு ஜூமைத் திறப்பார். சென்ற வாரப் பணிகளின் நிலவரத்திலிருந்து தொடங்குங்கள். காலக்கெடு பற்றிய முடிவை மட்டும் நான் வந்தபின் எடுத்துக்கொள்வோம். மன்னிக்கவும்.

“கூட்டம் உண்டு” என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். தாமதம் என்று மட்டும் படிக்கும் மனம் ரத்து என்பதற்குச் சுலபமாகத் தாவிவிடும். எந்தப் பேச்சை நீங்கள் வரும்வரை தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: எல்லோரும் எதையும் தொடாமல் உங்களுக்காகக் காத்திருப்பார்கள், அல்லது உங்கள் கருத்து தேவைப்பட்ட விஷயத்தை முடித்தே விடுவார்கள். காத்திருக்கச் சொல்வதாக இருந்தால் அதன் விலையைக் கணக்கிட்டுவிட்டுச் சொல்லுங்கள். எட்டுப் பேர் பத்து நிமிடம் சும்மா இருந்தால் 80 நிமிட வேலை நேரம் போகிறது. அதுவே அரை மணி நேரக் கூட்டம் என்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

வாடிக்கையாளர்களுக்குத் தனியாக அனுப்புங்கள். உள் விவகாரம் எதுவும் அதில் வேண்டாம். “இன்னொரு வாடிக்கையாளருடன் இருக்கிறேன்” என்ற காரணம் உண்மையாகவே இருந்தாலும், நீங்கள் எங்களுக்கு இரண்டாமிடம் என்றுதான் அவர்கள் காதில் விழும்.

> வணக்கம். இன்றைய கூட்டம் 10:30க்கே தொடங்குகிறது. எங்கள் துணை ஒருங்கிணைப்பாளர் உங்களை வரவேற்பார். நான் 10:40க்கு இணைந்துகொள்கிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இனி, பத்து என்ற எண் சரிதானா என்று பாருங்கள். 10:24க்கு எழுதும்போது முந்தைய கூட்டம் எப்போது முடியும் என்பது உங்களுக்கு ஊகம்தான். அது 10:35க்கு முடியும் என்று வைத்துக்கொள்வோம். விடைபெற ஓரிரு நிமிடம், அடுத்த இணைப்பைத் தேடித் திறந்து ஒலி சரிபார்க்க இன்னும் இரண்டு மூன்று நிமிடம். 10:40 என்பது எல்லாம் சரியாக நடந்தால் மட்டுமே கிடைக்கும் நேரம். முந்தைய கூட்டம் 10:35க்கு முடியும் என்பதே உறுதியில்லை என்றால் 10:45 என்று எழுதிவிட்டு 10:40க்கு வாருங்கள், யாருக்கும் குறையிருக்காது. “5 நிமிடம்” என்று சொல்லி, பிறகு “இன்னும் 5 நிமிடம்” என்று இரண்டாவது குறிப்பு அனுப்பினால், மூன்றாவது குறிப்பை எதிர்பார்த்து ஆட்கள் கலையத் தொடங்குவார்கள்.

அனுப்பும் வேளையும் முக்கியம். அவுட்லுக் நாட்காட்டி, தானாக அமைந்த நிலையில், கூட்டத்துக்கு 15 நிமிடம் முன்பு நினைவூட்டுகிறது. அந்த நேரத்தில் ஆட்கள் திரையைப் பார்ப்பார்கள். 10:15க்குள் குறிப்பு போய்ச் சேர்ந்திருந்தால் நினைவூட்டலோடு அதையும் கவனித்திருப்பார்கள். முந்தைய கூட்டம் நேரத்துக்கு முடியாது என்பது அநேகமாக 10:15க்கே உங்களுக்குத் தெரிந்திருக்கும்; முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் ஒன்பது நிமிடம் போனது. வர முடிந்துவிட்டால் குறிப்பு வீணாவதில் நட்டமில்லை.

10:27க்குத்தான் தெரிகிறது என்றால் மின்னஞ்சலை நம்பாதீர்கள். கூட்டத்தில் நிச்சயம் இருக்கப்போகும் ஒருவருக்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்புங்கள், முடிந்தால் அழையுங்கள்: “10:40க்கு வருகிறேன், கூட்டத்தைத் திறந்து நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள்.” கூட்டத்துக்குள் இருக்கும் அரட்டைப் பெட்டியில் எழுதச் சொல்வது போதாது. பல கூட்டங்களில், பிறகு சேர்பவருக்கு அவர் வருவதற்கு முன் எழுதப்பட்டவை தெரிவதில்லை. 10:31க்கு எழுதியது 10:33க்கு வந்தவர் கண்ணில் படாது.

கடைசியாக, நாட்காட்டியில் கூட்டத்தையே 10:40க்கு நகர்த்திவிட்டால் என்ன என்று தோன்றலாம். பத்து நிமிடத்துக்காக அதைச் செய்யாதீர்கள். எட்டுப் பேருக்கும் புதிய அழைப்பு போகும், ஏற்றுக்கொண்டவர்கள் மறுபடி பதில் சொல்ல வேண்டியிருக்கும். கூட்டத்தின் முடிவு நேரமும் சேர்ந்து நகர்ந்து, அடுத்த வேலை உள்ளவருக்கு இடிக்கும். உங்களுடையது வாராந்தரக் கூட்டம் வேறு. அவசரத்தில் இந்த ஒரு நாளுக்குப் பதிலாகத் தொடர் முழுவதையும் தேர்ந்தெடுத்துவிட்டால், இனி வரும் வாரங்கள் எல்லாமே 10:40க்குப் போய்விடும்.