ரீஇம்பர்ஸ்மென்ட் வரும் வரை ஆஸ்பத்திரி பில்லை எப்படிக் கட்டுவது?

கேள்வி: அப்பாவை கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆனால் அங்கே கேஷ்லெஸ் இல்லையாம். முழுப் பணமும் கட்டிவிட்டு அப்புறம் க்ளெய்ம் போடச் சொல்கிறார்கள். நகையை வைக்கலாமா, கிரெடிட் கார்டில் தேய்க்கலாமா, பி.எஃப். எடுக்கலாமா?

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். தொழிலாளர்களின் மெடிக்ளெய்ம் ஃபைல் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். முதலில் ஒன்று செய்யுங்கள். நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கேட்கும் ஏற்பாடு 2024 ஜனவரியில் வந்தது. அவசரமாகச் சேர்த்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும், சின்ன ஊர்களில் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இருந்தாலும் ஒரு போன் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

அது நடக்கவில்லை என்றால், கடன் வாங்கப் போவதற்கு முன் பில்லை இரண்டாகப் பிரியுங்கள். திரும்பி வரப்போகிற பணம் எவ்வளவு, வராத பணம் எவ்வளவு என்று. இரண்டுக்கும் ஒரே இடத்தில் கடன் வாங்குவதால்தான் சிக்கல் வருகிறது.

எங்கள் கம்பெனியில் பர்கூர் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார். அவருடைய அம்மா வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரி, பில் 2,40,000 ரூபாய். பாலிசி மூன்று லட்சம் என்பதால் முழுசும் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, வீட்டு நகையை ஒரே சீட்டாக வைத்துப் பணத்தைக் கட்டிவிட்டார். ஆனால் பாலிசியில் அறை வாடகைக்கு நாளைக்கு 3,000 ரூபாய்தான் வரம்பு. அவர்கள் இருந்ததோ 4,500 ரூபாய் அறை. அறை வாடகை 27,000-க்கு 18,000 கொடுத்தார்கள், அது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். அதோடு நிற்கவில்லை. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்ந்த 1,20,000-மும் அதே விகிதத்தில் வெட்டுப்பட்டு 80,000 ஆகிவிட்டது. மருந்து, டெஸ்ட், உள்ளே வைத்த பிளேட் ஆகியவற்றுக்கான 75,000-ஐ வெட்டவில்லை. கையுறை, சாப்பாடு, அட்மிஷன் கட்டணம் என்று 18,000 அடியோடு போனது. மிச்சம் 1,73,000. பெற்றோருக்கு பத்து சதவீதம் நாம் ஏற்க வேண்டும் என்று பாலிசியில் இருந்ததால், கடைசியில் கணக்குக்கு வந்தது 1,55,700. ஆக 84,300 ரூபாய் அவர் கையை விட்டுப் போனது.

இதை அட்மிஷன் அன்றைக்கே ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். பாலிசி காகிதத்தில் அறை வாடகை வரம்பையும், நாம் ஏற்க வேண்டிய சதவீதத்தையும் பாருங்கள். அறையை இறக்கிக்கொள்ள முடிந்தால் உடனே இறக்குங்கள்.

திரும்பி வரப்போகிற பங்குக்கு என் ஓட்டு வங்கி நகைக்கடனுக்குத்தான். முக்கால் வட்டி என்றால் ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 1,125 ரூபாய். தனியார் ஃபைனான்ஸில் ஒன்றரை வட்டி என்றால் அதுவே 2,250. அங்கே கிராமுக்கு அதிகம் தருகிற ஸ்கீமில் வட்டியும் அதிகம். மாதாமாதம் கட்டாவிட்டால் வட்டி அடுத்த படிக்கு ஏறுகிற ஸ்கீமும் உண்டு. போர்டில் எழுதியிருக்கும் வட்டியை நம்பாமல், மூன்று மாதம் எதுவுமே கட்டாவிட்டால் எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நகையை ஒரே கடனாக வைக்காதீர்கள், இரண்டு மூன்று சீட்டாகப் பிரித்து வையுங்கள். பர்கூர்க்காரருக்கு 1,55,700 வந்தும் ஒரு வளையலைக்கூட மீட்க முடியவில்லை. முழு அசலும் கட்டினால்தான் பொட்டலத்தைப் பிரிப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றரை லட்சத்துக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று என்று வைத்திருந்தால் பெரியது அன்றைக்கே வீட்டுக்கு வந்திருக்கும்.

நகையை டிஸ்சார்ஜ் அன்றைக்கு வரை தள்ளிப்போடவும் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் பில் கையில் வந்தால் வங்கி மூடியிருக்கும், ஃபைனான்ஸ் கடைதான் திறந்திருக்கும். 20,000-க்கு மேல் நகைக்கடன் ரொக்கமாகக் கிடைக்காது, கணக்கில்தான் போடுவார்கள். ஆஸ்பத்திரியும் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. கணக்கு வழியாகவே கட்டுவது க்ளெய்முக்கும் நல்லது. ஒவ்வொரு அட்வான்ஸுக்கும் நம்பர் போட்ட ரசீது வாங்கிவிடுங்கள்.

கிரெடிட் கார்டு, மாதாமாதம் கார்டு பில் போடுகிற தேதிக்கு மறுநாள் தேய்த்தால் மட்டுமே லாபம். கார்டைப் பொறுத்து 45, 50 நாள் வட்டியில்லாமல் கிடைக்கும். ஆனால் க்ளெய்மில் நாள் கணக்கு, அவர்கள் கேட்ட கடைசிக் காகிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடும். பிளேட்டின் ஸ்டிக்கர் எங்கே, எக்ஸ்ரே எங்கே என்று ஒரு க்வெரி வந்தால் போதும், உங்கள் 50 நாள் கரைந்துவிடும். மினிமம் ட்யூ கட்டினால் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வட்டி தேய்த்த நாளிலிருந்தே விழும். மாதம் 3.5 சதவீதம் என்றால் ஒன்றரை லட்சத்துக்கு 5,250, அதன் மேல் ஜி.எஸ்.டி. 945. கையில் நகை இருக்கும்போது இதற்கு ஏன் போக வேண்டும்? தேய்த்துவிட்டீர்கள் என்றால், கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்பே நகையை வைத்து கார்டை அடைத்துவிடுங்கள்.

இனி அந்த 84,300 மாதிரி, திரும்பி வராத பங்கு. இதற்குத்தான் பி.எஃப். பொருந்தும். குடும்பத்தினர் வைத்தியத்துக்கு எடுக்கிற முன்பணம் கடன் கிடையாது, வட்டி கிடையாது, திருப்பிக் கட்டவும் முடியாது. அந்தக் கடைசி விஷயம்தான் ஆபத்து. முழு பில்லுக்கும் பி.எஃப்.பில் எடுத்தால், இன்சூரன்ஸ் பணம் வரும்போது அதைத் திரும்பப் போட வழியில்லை. பைக்குக்கோ வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவோ போய்விடும், ஓய்வுக் காலப் பணம் போனது போனதுதான். ஆதார், வங்கிக் கணக்கு இரண்டும் பி.எஃப். கணக்கில் சரியாக இணைந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இழுத்தடிக்கும்.

ஏலச்சீட்டை அவசரத்துக்குத் தள்ளி எடுப்பவர்கள் நம் பக்கம் நிறைய. க்ளெய்ம் அடுத்த மாதமே வந்தாலும் தள்ளிய பணம் திரும்பாது, அதனால் குறுகிய காலத்துக்கு இது ரொம்ப விலை. கைமாற்று கிடைத்தால் நல்லது, ஆனால் 'இன்சூரன்ஸ் வந்ததும்' என்று சொல்லாமல் ஒரு தேதி சொல்லி வாங்குங்கள். நூற்றுக்கு ஐந்து வட்டிக்காரரிடம் மட்டும் போகாதீர்கள். ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 7,500. ஒரு க்வெரியில் க்ளெய்ம் இரண்டு மாதம் தள்ளிப்போனால் 15,000 வட்டிக்கே போய்விடும்.

க்ளெய்ம் ஃபாரத்தோடு கொடுக்கிற கேன்சல் செக்கையும் யோசித்துக் கொடுங்கள். பணம் பாலிசிதாரர் கணக்குக்குத்தான் வரும். அந்தக் கணக்கிலிருந்தே வண்டி இ.எம்.ஐ. பிடிக்கிறார்கள், பழைய தவணை வேறு பாக்கி என்றால், க்ளெய்ம் பணம் விழுந்ததும் அதை எடுத்துக்கொள்வார்கள். தவணை எதுவும் பிடிக்காத வேறு கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் அந்த செக்கைக் கொடுங்கள். கம்பெனி பாலிசி என்றால் சம்பளக் கணக்குக்கே போகிற மாதிரியும் இருக்கும், அதை எச்.ஆர்.-இடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.