மாதம் 7,000 பென்ஷன்: உண்மையில் எத்தனை சதவீதம்?

கேள்வி: எனக்கு 60 வயது. போன மாதம் 10 லட்சம் கட்டி ஒரு ஆயுள்கால ஆன்யுட்டி வாங்கினேன். உயிரோடு இருக்கும்வரை மாதம் 7,000 வரும், எனக்குப் பிறகு எதுவும் கிடையாது. 8.4 சதவீத வட்டி என்று ஏஜென்ட் சொன்னார். மாதம் 5,500 வாங்கிக்கொண்டு, இறந்த பின் 10 லட்சத்தை நாமினிக்குத் தரும் வகையும் இருந்தது. வட்டி குறைவு என்று அதை எடுக்கவில்லை. என் கணக்கு சரியா?

பதில்: 7,000-ஐ 12-ஆல் பெருக்கி 10 லட்சத்தால் வகுத்தால் 8.4 சதவீதம் வரும், அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் அது வட்டி அல்ல. டெபாசிட்டில் வட்டி வாங்கும்போது முதல் அப்படியே இருக்கிறது. உங்கள் பாலிசியில் முதல் திரும்பி வராது. அதனால் மாதாமாதம் வரும் 7,000-க்குள் நீங்கள் கட்டிய பணமே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வருகிறது. 10 லட்சத்தை 7,000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 143 மாதம், அதாவது 11 வருடம் 11 மாதம். போட்ட பணம் கைக்கு வந்துசேரவே உங்களுக்கு 72 வயது ஆகிவிடும். வட்டி என்று ஏதாவது கிடைத்தால் அது அதற்குமேல் வாழும் காலத்தில்தான்.

ஆகவே எத்தனை வருடம் வாழ்வீர்கள் என்ற எண் இல்லாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். செய்தியில் படிக்கும் சராசரி ஆயுள் பிறந்த குழந்தைக்கு உரியது. இளவயதில் இறந்தவர்களும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறார்கள். 60-ஐத் தாண்டிவிட்ட உங்களுக்கு அது பொருந்தாது. ஆயுள் அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும் நேரே ‘இன்னும் வாழக்கூடிய சராசரி வருடங்கள்’ என்று ஒரு பத்தி இருக்கும். 60-க்கு எதிரே உள்ள எண்தான் உங்களுக்கு வேண்டியது. உங்கள் நாட்டு அட்டவணையில், உங்கள் பாலினத்துக்கு உரியதைப் பாருங்கள். கணக்குக்காக அதை 18 வருடம் என்று வைத்துக்கொள்வோம்: 216 மாதம். எக்செல்லில் காலியான ஒரு செல்லில் இதை இடுங்கள்:

```
=(1+RATE(216,7000,-1000000))^12-1
```

விடை 5.06 சதவீதம். ஏஜென்ட் சொன்னதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 10 லட்சத்துக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள். கொடுத்த பணமும் வாங்கும் பணமும் ஒரே குறியில் இருந்தால் எக்செல் `#NUM!` என்று முகம் திருப்பிக்கொள்ளும். செல்லில் 0.05 என்றோ 5% என்றோ மட்டும் தெரிந்தால் தசம இடங்களைக் கூட்டிப் பாருங்கள். இன்னொன்று: அந்த 10 லட்சம் என்ற இடத்தில் பாலிசியில் அச்சிட்ட விலையைப் போடாதீர்கள், உங்கள் கணக்கிலிருந்து போன மொத்தத் தொகையைப் போடுங்கள். வரியும் கட்டணமுமாக 20,000 கூடுதலாகக் கட்டியிருந்தால் அதே 18 வருடத்துக்கு விடை 4.79 சதவீதமாக இறங்கிவிடும்.

18 என்பது சராசரிதான், உங்களுக்குக் கிடைத்த உத்தரவாதம் அல்ல. எனவே ஃபார்முலாவில் 216 என்ற மாதக் கணக்கை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். 10 வருடத்தில், அதாவது 70 வயதில் முடிந்துவிட்டால் வருடத்துக்கு 3.3 சதவீதம் நஷ்டம். 75 வரை என்றால் 3.2 சதவீதம் லாபம். 80 வரை என்றால் 5.9, 85 வரை என்றால் 7.1, 90 வரை என்றால் 7.8 சதவீதம். 100 வயது வரை வாழ்ந்தாலும் 8.4-ஐயொட்டிப் போகுமே தவிர, தாண்டாது. (மாதாமாதம் கூட்டுவட்டி சேர்வதால் காகிதத்தில் அதன் உச்சம் 8.7 வரை போகும், அதற்கு ஒருவர் சாகாமலே இருக்க வேண்டும்.) இப்படி ஆன்யுட்டியை விலைக்கு வாங்குவோர் பொதுவாகத் திடமான உடம்புக்காரர்களாக இருப்பதால், சராசரி மக்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். நிறுவனங்கள் விலை வைப்பதும் அந்தக் கூட்டத்தின் ஆயுளைப் பார்த்துத்தான். உங்கள் உடம்பு நன்றாக இருந்து, தாய் தந்தையும் நெடுநாள் வாழ்ந்தவர்கள் என்றால் 18 வருடத்துக்குப் பதில் 22, 25 வருடம் என்று போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. சர்க்கரை, இதய நோய் என்று இருந்தால் எதிர்த்திசையில் போங்கள்.

இனி நீங்கள் வேண்டாம் என்று விட்ட வகையைப் பார்ப்போம். மாதம் 5,500, கடைசியில் 10 லட்சமும் திரும்ப வரும். இங்கே முதல் கரையவில்லை. ஆகவே 5,500 முழுவதும் வட்டி: மாதத்துக்கு 0.55 சதவீதம், வருடத்துக்கு 6.8 சதவீதம். 5 வருடம் வாழ்ந்தாலும் 35 வருடம் வாழ்ந்தாலும் இந்த எண் மாறாது. ‘வட்டி குறைவு’ என்று நீங்கள் ஒதுக்கியது, சராசரி ஆயுளில் நீங்கள் வாங்கியதைவிட அதிகம் தருகிறது. உங்கள் 7,000 வகை இந்த 6.8-ஐ எட்டிப்பிடிக்க ஏறக்குறைய 281 மாதம் ஆகும். அதாவது 83 வயது 5 மாதம் வரை இருந்தால் இரண்டும் சமம், அதற்குமேல் வாழ்ந்தால்தான் நீங்கள் எடுத்தது மேல்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்: அந்த 6.8-ஐத் தரும் பணத்தில் ஒரு பெரிய பங்கு உங்கள் கைக்கு வராது, நாமினிக்குப் போகும். பணத்தை விட்டுச்செல்ல யாரும் இல்லை, மாதச் செலவுக்கு அந்த 1,500 கட்டாயம் வேண்டும் என்றால், சதவீதம் குறைவாக இருந்தும் உங்கள் தேர்வுக்கு நியாயம் இருக்கிறது. மனைவியோ கணவரோ உங்கள் பென்ஷனை நம்பி இருந்தால், உங்களோடு நின்றுபோகும் பாலிசி அவர்களுக்கு ஆகாது. இருவர் ஆயுளுக்கும் சேர்த்துத் தரும் வகையைக் கேட்டிருக்க வேண்டும். வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது என்பதால், பாலிசியைத் திருப்பித் தர அனுமதிக்கும் அவகாசம் இன்னும் இருக்கிறதா என்று பத்திரத்தில் இன்றே பாருங்கள். அது முடிந்துவிட்டால் ஆயுள்கால ஆன்யுட்டியைப் பெரும்பாலும் மாற்ற முடியாது.

முடிவெடுக்கும் முன் இன்னொரு கணக்கும் உதவும். 10 லட்சத்தையும் 6 சதவீத டெபாசிட்டில் போட்டு, நீங்களே மாதம் 7,000 எடுத்தால் எத்தனை மாதம் தாங்கும்?

```
=NPER(0.06/12,7000,-1000000)
```

251 மாதம். கிட்டத்தட்ட 81 வயது வரை ஓடும், அதற்குமுன் எந்த மாதம் நீங்கள் போனாலும் மீதி வாரிசுக்கு. 81-க்குப் பிறகு கையில் ஒன்றும் இருக்காது. பாலிசியோ தந்துகொண்டே இருக்கும். வட்டி 20 வருடமும் 6-லேயே நிற்கும் என்பதற்கும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஃபார்முலாவில் 0.06-ஐ 0.05 ஆக்கினால் 217 மாதம்தான் தாங்கும், 78 வயதில் தீர்ந்துவிடும். நீங்கள் வாங்கியிருப்பது அந்த வயதுக்கு அப்பால் உள்ள காலத்துக்கான காப்பீடு, 5.06-க்கும் டெபாசிட் வட்டிக்கும் இடையே உள்ள வித்தியாசம் அதற்குக் கொடுக்கும் விலை.