ஆதார் நகலில் இருப்பவர்தான் உங்களிடம் பேசினாரா?

“வேளச்சேரியில் வாடகைக்கு வீடு என்று ஆன்லைனில் பார்த்து, ஓனர் என்று சொன்னவருக்கு 60,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். தன் பெயரைச் சொல்லி, போட்டோவும் ஆதார் நகலும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பணம் போனதும் போன் சுவிட்ச் ஆஃப். ஸ்டேஷனில் அலையவிட்டார்கள். கோபத்தில் அந்த ஆதாரையும் போட்டோவையும் ‘மோசடி ஆசாமி, உஷார்’ என்று அபார்ட்மென்ட் குரூப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டேன். இப்போது தாம்பரத்திலிருந்து ஒருவர், அது தன் போட்டோ, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று 10 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பெயரும் முகமும் ஆதாரில் அப்படியே ஒத்துப்போகிறது. ஏமாந்த நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?”
– வாசகி, சென்னை-42

ஸ்டேஷனில் அலைந்ததும் அட்வான்ஸ் போனதும் இந்த நோட்டீஸுக்குப் பதிலாகாது. அவதூறு வழக்கில் உங்களிடம் கேட்கப்படுவது ஒன்றே ஒன்றுதான்: போட்டோவில் இருப்பவர்தான் உங்களிடம் பேசியவர் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

பேசியவர் சொன்னார், அவ்வளவுதான். பெயரைச் சொன்னதும் அவர், போட்டோவை அனுப்பியதும் அவர், ஆதாரை அனுப்பியதும் அவர். மூன்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதுபோல் உங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் மூன்றும் ஒரே வாயிலிருந்து வந்தவை, எனவே ஒரே கூற்றாகத்தான் கணக்கில் வரும். முகம் தெரியாத ஒருவர் ‘நான் இன்னார்’ என்று சொன்னார் என்பதை மட்டும் உங்களால் நிரூபிக்க முடியும். அவர் இன்னார்தான் என்பதை நிரூபிக்க, அவர் கைபடாத வேறொரு இடத்திலிருந்து ஆதாரம் வர வேண்டும்.

அரசு கொடுத்த அட்டையாயிற்றே என்பீர்கள். அதன் க்யூஆர் கோடை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால், கையொப்பமிட்ட பதிவிலிருந்து பெயரும் போட்டோவும் வரும். அட்டையில் போட்டோவை மாற்றி ஒட்டியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மாற்றம் இல்லையென்றால் அந்த முகம் அந்தப் பெயருக்கு உரியது என்று உறுதியாகும். ஆனால் அட்டை அனுப்பியவர் கையில் எப்படி வந்தது என்பதை க்யூஆர் கோடு சொல்லாது. ஜெராக்ஸ் கடையிலும் லாட்ஜ் வரவேற்பிலும் சிம் விற்கும் இடத்திலும் நாம் கொடுக்கும் நகல்தான் இப்படிச் சுற்றுகிறது. ஆக, அட்டை உண்மையானது என்று நிரூபிக்க நிரூபிக்க, தாம்பரத்துக்காரர் ஒரு நிஜ மனிதர், உங்கள் பதிவு அவரைத்தான் குறித்தது என்பதைத்தான் உறுதிசெய்கிறீர்கள்.

உங்களிடம் பேசியவரை நேரில் பார்த்ததே இல்லை என்றால் நீதிமன்றத்தில் ‘இவர்தான்’ என்று கை காட்டவும் உங்களால் முடியாது. ஃபேஸ்புக்கில் ‘இவர் என்னையும் ஏமாற்றினார்’ என்று வந்த கமெண்ட்டுகளை நம்பி நிற்காதீர்கள். பெயரும் ‘மோசடி’ என்ற சொல்லும் ஒட்டிய படத்தைப் பார்த்த பிறகு சொல்லப்படும் அடையாளம் அது. அடையாள அணிவகுப்புக்கு முன்பே சாட்சிக்குப் படத்தைக் காட்டிவிட்டால் அணிவகுப்பின் மதிப்பே போய்விடும் என்பது பழைய விதி. உங்கள் பதிவு அந்தக் காரியத்தை ஊருக்கே செய்துவிட்டது.

இனி, கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி. ‘நல்லெண்ணத்தில்தான் எச்சரித்தேன்’ என்று பதில் நோட்டீஸ் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் அந்த விதிவிலக்கு இருப்பது உண்மை. ஆனால் அதே சட்டத்தின் 2(11), உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்ததை நல்லெண்ணம் என்று ஏற்காது. உங்கள் மனது சுத்தமா என்பதோடு கேள்வி நிற்காது, போடுவதற்கு முன் என்ன சரிபார்த்தீர்கள் என்றும் கேட்பார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது உங்கள் யுபிஐ ரசீதை. பணம் பெற்றவர் என்று அதில் இருக்கும் பெயர் என்ன? அது வங்கிப் பதிவிலிருந்து வந்த பெயராக இருந்தால் வாட்ஸ்அப்பில் சொல்லப்பட்ட பெயரைவிடக் கனமானது. அது ஆதாரில் உள்ள பெயராக இல்லாமல் மூன்றாவது ஒருவருடையதாக இருந்தால், பேசியவர் பொய் சொல்லியிருக்கலாம் என்பதற்கான தடயம் பதிவு போடும்போதே உங்கள் போனில் இருந்திருக்கிறது. உங்கள் வாதம் அங்கே முடிந்துவிடும். அதே பெயர்தான் இருக்கிறது என்றாலும் துள்ளாதீர்கள். இனிஷியலைப் பாருங்கள், ஒரே பெயரில் நம் ஊரில் எத்தனை பேர்! இனிஷியலும் ஒத்துப்போனாலும், கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விடுபவர்களும் இருக்கிறார்கள், திருடிய ஆவணத்தில் திறந்த கணக்குகளும் இருக்கின்றன. கணக்கின் கேஒய்சி, சிம் வாங்கியபோது கொடுத்த விண்ணப்பம், பணம் எடுத்த ஏடிஎம்மின் கேமரா பதிவு ஆகிய மூன்றையும் போலீஸ் கேட்டு வாங்கிப் பொருத்திய பிறகுதான் ஒரு முகத்தின்மேல் விரல் வைக்கலாம். கேமரா பதிவு நீண்ட நாள் இருக்காது. அதை உடனே கேட்டு வாங்கும்படி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒருவரின் ஆதார் எண்ணைப் பொதுவெளியில் வெளியிடுவதை ஆதார் சட்டத்தின் 29(4) தடுக்கிறது. எண்ணை மறைக்காமல் போட்டிருந்தால் அவர் கையில் இரண்டாவது ஆயுதமும் இருக்கிறது.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசமாகப் போங்கள். 356-ன் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை. அவர் போலீஸுக்குப் போகத் தேவையில்லை, நேரே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் போய் நிற்க வேண்டும்.

இன்றே பதிவுகளை நீக்குங்கள். நீக்குவதற்கு முன் தேதி, இணைப்பு, கமெண்ட் தெரியும்படி நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மோசடிக்காரருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலை மட்டும் அழிக்காதீர்கள், அந்தப் போனையும் மாற்றாதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்தோடு தர வேண்டிய பாரதிய சாக்ஷிய அதினியம் 63(4)-ன் சான்றிதழுக்கு அது வேண்டும். பிறகு, எந்தெந்தக் குரூப்பில் போட்டீர்களோ அங்கேயே திருத்தம் போடுங்கள்: “படத்தில் இருப்பவர் என்னை ஏமாற்றியவர் அல்ல. அவருடைய படத்தையும் ஆதாரையும் வேறு ஒருவர் பயன்படுத்தியதாகத் தெரிகிறது. சரிபார்க்காமல் வெளியிட்டதற்கு வருந்துகிறேன்.” ‘மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்’ என்ற இழுவை வேண்டாம். அப்படி எழுதினால் இரண்டாவது நோட்டீஸ் வரும்.

10 லட்சத்தைக் கண்டு பயந்து பணத்தோடு போகாதீர்கள். மன்னிப்பும், தேவைப்பட்டால் அவருடைய வக்கீல் செலவும் தருவதாகத் தொடங்குங்கள். உடன்பாட்டில் அவர் கிரிமினல் புகாரோ சிவில் வழக்கோ போடமாட்டார் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். எழுத்தில் வெளியான அவதூறுக்கு சிவில் வழக்குப் போட அவருக்கு ஒரு வருடமும், கிரிமினல் புகாருக்கு மூன்று வருடமும் அவகாசம் இருக்கிறது. வாய்வார்த்தையாக ‘சரி விடுங்கள்’ என்று அவர் சொல்வதை நம்பி உட்காராதீர்கள்.

அவரை எதிரியாகப் பார்ப்பதில்தான் உங்களுக்குப் பெரிய நஷ்டம். அவருடைய அடையாளமும் திருடப்பட்டிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி-யின் கீழ் அவர் புகார் கொடுத்து, 66டி-யின் கீழ் நீங்கள் கொடுத்த புகாருடன் சேர்ந்தால், ‘இது நான் அல்ல’ என்ற அவருடைய வாக்குமூலமே உங்கள் வழக்கில் ஆள்மாறாட்டத்துக்கு முதல் சாட்சியம். சைபர் குற்ற உதவி எண் 1930-லோ cybercrime.gov.in தளத்திலோ நீங்கள் பதிந்த புகாரில் அவருடைய பெயரைக் குற்றவாளியாக எழுதியிருந்தால், ‘இந்தப் பெயரையும் படத்தையும் பயன்படுத்திய அடையாளம் தெரியாத நபர்’ என்று திருத்தி எழுதிக் கொடுத்து, அதன் நகலைச் சமரசப் பேச்சுக்கு எடுத்துச் செல்லுங்கள்.